கொலு வீட்டில் ‘ஒரு பாட்டு’: கூச்சப்படுபவர் மறுக்கும் முறை

நவராத்திரி நாள்களில் கொலு வைத்த வீட்டுக்கு வருபவர்களைப் பாடச் சொல்வது தமிழ்க் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். வந்தவர் படிகளுக்கு முன் பாயில் உட்காருவார். எந்தப் பொம்மை புதிது என்று பேச்சு ஓடும். கிண்ணத்தில் சுண்டல் வரும். பிறகு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு தாம்பூலம் கொடுத்து வழியனுப்புவார்கள். இதற்கு நடுவில் எங்கோ ஓரிடத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர், “நீ பாட்டு கத்துக்கறியாமே, ஒண்ணு பாடேன்” என்பார். பாட விருப்பமுள்ளவருக்கு அது மகிழ்ச்சியான நேரம். கூச்சமுள்ளவருக்கோ, பத்துப் பேர் சட்டென்று பேச்சை நிறுத்தித் தன்னைப் பார்க்கும் நேரம். அவர் மறுக்கிறார். பெரும்பாலும் அந்த மறுப்பு எடுபடுவதில்லை. ஐந்து நிமிட வற்புறுத்தலுக்குப் பிறகு தலையைக் குனிந்தபடி பாதிப் பாட்டைப் பாடுகிறார்; இல்லையென்றால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். இரண்டுமே கேட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் சங்கடம். கேட்டவரைப் புண்படுத்தாமலும் ஒரே தடவையில் புரியும்படியும் மறுக்க வழி உண்டு. அதற்கு முதலில் அந்தக் கேள்வியின் இயல்பு தெரிய வேண்டும்.

கேட்பவர் எதைக் கேட்கிறார்?

கொலுவில் பாடுவது அம்பாளுக்குச் செய்யும் அர்ப்பணம் என்பது நம்பிக்கை. அதனால் பாடகர், பாடத் தெரியாதவர் என்ற பேதம் பார்க்காமல் வந்தவர் எல்லோரையும் கேட்பார்கள். அதோடு அது ஒரு வகை உபசரிப்பு. பாடச் சொல்வது, “உன்னை நாங்கள் கவனித்தோம், உனக்கு இங்கே இடம் உண்டு” என்று சொல்வதற்குச் சமம். பாட்டு வகுப்புக்குப் போகும் பெண்ணைக் கேட்காமல் விட்டால் அவள் தாய் வருத்தப்படுவாரோ என்ற எண்ணமும் சில வீடுகளில் இருக்கும்.

ஆக, இந்த ஒரு கேள்விக்குள் மூன்று பொருள் இருக்கின்றன: சாமிக்கு ஒரு பாட்டு, விருந்தாளிக்கு மரியாதை, கூடியிருப்பவர்களுக்குச் சற்றுக் கலகலப்பு. கேட்பவருக்கு வேண்டியது அந்த மூன்றும்தான். குறிப்பிட்ட ஒருவரின் குரல் அல்ல. ‘பாட மாட்டேன்’ என்ற பதில் பாட்டை மட்டும் மறுத்தால் யாருக்கும் வருத்தமில்லை. மரியாதையையும் சேர்த்து மறுப்பதுபோல் ஒலிக்கும்போதுதான் கேட்டவர் முகம் வாடுகிறது.

கூச்சத்தில் உடலுக்கு நடப்பது

வீட்டில் தனியாக நன்றாகப் பாடுபவர் நாலு பேர் முன்னால் தடுமாறுவதைப் பலர் பாசாங்கு என்று எண்ணிவிடுகிறார்கள். அது பாசாங்கல்ல. பலர் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று உணர்ந்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வாய் உலர்கிறது, மூச்சு மேல் மார்போடு நின்று குறுகுகிறது. பாட்டுக்கு வேண்டியதோ நிதானமாக வெளிவிடும் நீண்ட மூச்சு. குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவதால் குரல் நடுங்குகிறது. பேசும்போது மறைந்துவிடும் சிறு நடுக்கம், ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது எல்லோர் காதிலும் விழுகிறது.

பார்வையாளர் இருப்பது ஒருவரின் செயலை எப்படி மாற்றுகிறது என்பதை 1965-இல் உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் ஒரு கோட்பாடாக விளக்கினார். நன்றாகப் பழகிப்போன செயலைப் பிறர் முன்னால் செய்யும்போது அது மேம்படுகிறது. இன்னும் கைவராத செயல் மோசமாகிறது என்பது அவர் கருத்து. பல ஆண்டு மேடை ஏறியவருக்குச் சபை ஊக்கம் தருவதும், வர்ணம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவிக்கு அதே சபை தொண்டையை அடைப்பதும் இதனால்தான். “வீட்டில் நல்லாத்தானே பாடினே?” என்று கேட்பவர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

கூச்சத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கூச்சப்படுபவர், தன் தடுமாற்றத்தை எல்லோரும் கவனித்து நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை நடத்தி 2000-இல் வெளியிட்டார்கள். அணிந்தவருக்குக் கூச்சம் தரக்கூடிய ஒரு பாடகரின் படம் போட்ட சட்டையோடு ஒரு மாணவரை, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். சட்டையில் இருப்பது யார் என்பதை ஏறக்குறைய பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்டவர் கணித்தார். உண்மையில் கவனித்தவர்கள் சுமார் கால்வாசிப்பேர்தான். பாடிச் சொதப்பியதற்கு மட்டுமல்ல, மறுத்ததற்கும் இது பொருந்தும். ‘பாட மாட்டேன் என்றதை வருஷம் முழுக்கப் பேசுவார்கள்’ என்ற பயம் பெரும்பாலும் மிகையானது. அடுத்த விருந்தாளி உள்ளே நுழைந்ததும் பேச்சு அவர் பக்கம் திரும்பிவிடும்.

முதல் ‘வேண்டாம்’ ஏன் எடுபடுவதில்லை?

தமிழ் வீடுகளில் முதல் மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதது ஒரு மரபு. பந்தியில் ‘போதும்’ என்று இலைமேல் கை வைத்தவருக்கும் இன்னொரு கரண்டி சாதம் விழும். அவர் நாணத்தால் சொல்கிறார், நாம்தான் வற்புறுத்த வேண்டும் என்பது பரிமாறுபவரின் கணக்கு. பாட்டுக்கும் அதே கணக்குதான். நன்றாகப் பாடுபவரும் கேட்டவுடன் பாடிவிடுவதில்லை. “எனக்கு அவ்வளவா வராது” என்று ஒரு முறை சொல்லி, இன்னொரு முறை கேட்ட பிறகுதான் தொண்டையைச் செருமுவார். அது அடக்கத்தின் அடையாளம். “பிகு பண்ணிக்காதே” என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துத்தான்.

கூச்சப்படுபவரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவர் உண்மையாக மறுக்கிறார். ஆனால் அடக்கமாக மறுப்பவர் சொல்லும் அதே சொற்களில் மறுக்கிறார். “எனக்கு நல்லா பாட வராது” என்று அவர் சொன்னதும், கேட்பவர் அதை வற்புறுத்தச் சொல்லும் அழைப்பாக எடுத்துக்கொள்கிறார். “அதெல்லாம் இல்லை, போன வருஷம் எவ்வளவு நல்லா பாடினே” என்று பாராட்டு வருகிறது. பாராட்டு வந்த பிறகு மறுப்பது முன்னைவிடக் கடினம்.

தயக்கமும் அப்படியே. உரையாடல்களைப் பதிவு செய்து ஆராயும் துறையில் ஜூடி டேவிட்சன் 1984-இல் எழுதிய ஒரு கட்டுரை இதை விவரிக்கிறது. ஒருவர் வேண்டுகோள் வைத்ததும் உடனே பதில் வராமல் சிறு இடைவெளி விழுந்தால், கேட்டவர் அதை வரப்போகும் மறுப்பின் அறிகுறியாக உணர்கிறார். உணர்ந்ததும், வேண்டுகோளை மாற்றி மறுபடி வைக்கிறார். அவர் ஆராய்ந்தது ஆங்கில உரையாடல்களை. ஆனால் கொலு வீட்டில் உட்கார்ந்து கேட்டால் அதே வரிசை காதில் விழும்: “ஒரு பாட்டு பாடேன்.” மௌனம். “சின்னப் பாட்டா பாடு.” மௌனம். “சரி, பல்லவி மட்டும்.” ஒவ்வொரு மௌனமும் கேட்பவரை இன்னொரு படி இறங்கி வரச் செய்கிறது. அவர் அத்தனை படி இறங்கிய பிறகு மறுத்தால், பெரியவரை அலைக்கழித்ததாக ஆகிவிடும். எனவே மறுக்க வேண்டிய நேரம் முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் நடுவில்தான்.

தீர்வு சொல்லிவிடக்கூடிய காரணங்கள்

அவசரத்தில் வாயில் வரும் காரணங்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை, ஏனென்றால் அவற்றுக்கு வீட்டிலேயே மருந்து இருக்கிறது. தொண்டை சரியில்லை என்றால் வெந்நீரும் பனங்கற்கண்டும் வரும். வரிகள் மறந்துவிட்டன என்றால் யாராவது கைப்பேசியில் எடுத்துக் கொடுப்பார்கள். சுருதிப் பெட்டி கொண்டுவரவில்லை என்றால், தம்புராச் செயலியைத் திறந்து “எத்தனை கட்டை?” என்று கேட்பார்கள். நேரமாகிவிட்டது என்றால், “அஞ்சு நிமிஷம்தானே” என்பார்கள். கேட்பவர் வேண்டுமென்றே மடக்குவதில்லை. தடை ஒன்று இருப்பதாகச் சொன்னால் அதை நீக்கித் தருவது விருந்தோம்பலின் கடமை என்று நினைக்கிறார். பொய்க் காரணத்துக்கு இன்னொரு செலவும் உண்டு: மறுநாள், “தொண்டை எப்படியிருக்கு?” என்று தொலைபேசி வந்தால் அந்தப் பொய்யைத் தொடர வேண்டும்.

நீக்க முடியாத காரணம் ஒன்றே ஒன்றுதான்: விருப்பம். “இன்னிக்கு நான் பாடலை” என்பதற்கு வெந்நீர் கொடுக்க முடியாது. விருப்பமின்மையைச் சொல்வது பெரியவர்களிடம் முரட்டுத்தனமாகத் தோன்றும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ‘முடியாது’, ‘மாட்டேன்’ என்று தொடங்கினால் அப்படித் தோன்றக்கூடும். ஆனால் உறவுமுறைச் சொல்லோடு, சிரித்த முகத்தோடு, ‘பாடலை’ என்று முடித்தால் அது நிலையைத் தெரிவிப்பதாக மட்டுமே ஒலிக்கும்.

ஒரு மாலைப் பொழுது

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கல்லூரி முதலாண்டு படிக்கும் பெண் ஒருத்தி, தாயுடன் அத்தை வீட்டுக் கொலுவுக்குப் போகிறாள். நான்கு ஆண்டு பாட்டுக் கற்றவள். வெளியார் முன்னால் பாடப் பிடிக்காதவள். அறையில் பன்னிரண்டு பேர்.

வழக்கமான போக்கு இப்படி இருக்கும். அத்தை, “ஒரு பாட்டு பாடும்மா” என்கிறார். அவள் தாயைப் பார்க்கிறாள். தாய், “பாடேன்டி, அத்தை கேக்கறாங்க இல்ல” என்கிறார். “எனக்கு நல்லா வராது அத்தை.” “யார் சொன்னா? உங்க அம்மா சொன்னாங்களே.” “தொண்டை வேற கட்டியிருக்கு.” “இரு, வெந்நீர் கொண்டுவரேன்.” இப்போது அத்தை எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். இனி அவளால் மறுக்க முடியாது.

அதே மாலை வேறு விதமாகவும் நடக்கலாம். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே அவள் தாயிடம், “அம்மா, இன்னிக்கு நான் பாடப் போறதில்லை. அத்தை கேட்டா நானே சொல்லிக்கறேன், நீ பாடச் சொல்லாதே” என்று பேசி வைக்கிறாள். பெரும்பாலான வற்புறுத்தல்கள் கூட வந்தவரின் வாயிலிருந்துதான் வலுப்பெறுகின்றன என்பதால், இந்த ஒரு பேச்சு பாதி வேலையை முடித்துவிடுகிறது.

அத்தை கேட்டதும் அவள் யாரையும் பார்க்காமல், இடைவெளி விடாமல் சொல்கிறாள்: “நீங்க கேட்டது சந்தோஷம் அத்தை. ஆனா எல்லார் முன்னாடியும் பாட எனக்குக் கூச்சம், இன்னிக்கு நான் பாடலை. நீங்க அந்த மீனாட்சி பாட்டைப் பாடுங்க, ரொம்ப நாளாச்சு கேட்டு.”

இந்தப் பதிலில் நான்கு பகுதிகள் உள்ளன. முதல் பகுதி மரியாதையை ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது, கூச்சம் என்ற உண்மையைச் சொல்கிறது. ‘நல்லா வராது’ என்பது திறமையைப் பற்றிய பேச்சு, அதைப் பாராட்டால் மறுக்கலாம். ‘கூச்சம்’ என்பது மனநிலை, அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. மூன்றாவது, ‘பாடலை’ என்ற தெளிவான முடிவு. நான்காவது, அறையின் கவனத்தை வேறு இடத்துக்கு நகர்த்துகிறது. சாமிக்குப் பாட்டும் கூட்டத்துக்குக் கலகலப்பும் இன்னொருவர் மூலம் கிடைத்துவிடுவதால் கேட்டவருக்கு இழப்பில்லை. ஆனால் இன்னொரு கூச்சக்காரரைக் கைகாட்டிவிட்டுத் தப்பிப்பது முறையல்ல. பாட விரும்புகிறவர் என்று உறுதியாகத் தெரிந்தவரையே கேட்க வேண்டும்.

அத்தை இன்னொரு முறை கேட்பார். மரபு அப்படி, அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. அப்போது புதிய காரணம் சேர்க்கக் கூடாது. புதிய காரணம் வந்தால், முதல் காரணம் போதவில்லை என்று சொன்னவரே ஒப்புக்கொண்டதாக ஆகும். “இல்லை அத்தை, இன்னிக்கு பாடலை” என்று அதே சொற்களை அதே குரலில் சொன்னால் போதும். பிகு செய்பவரின் இரண்டாவது மறுப்பு முதலாவதைவிட இளகி வரும். உண்மையாக மறுப்பவரின் இரண்டாவது மறுப்பு மாறாமல் வரும். அதை வைத்துத்தான் கேட்பவர் வேறுபாட்டைக் கண்டுகொள்கிறார்.

அதன்பின் உடனே ஒரு வேலையில் கை கொடுப்பது நல்லது. சுண்டல் கிண்ணங்களை எடுத்துக் கொடுக்கலாம், தாம்பூலப் பைகளை அடுக்கலாம், பிறர் பாடும்போது தாளம் போடலாம். பாட்டைத்தான் மறுத்தாள், வீட்டை அல்ல என்பதை அது காட்டிவிடும்.

நடனத்துக்குக் கை பிடித்து இழுக்கும்போது

திருமண வரவேற்பிலும் பிறந்தநாள் விழாவிலும் இப்போது பாட்டைவிட நடனத்துக்கே அழைப்பு அதிகம். இங்கே சிக்கல் வேறு. இசை சத்தமாக இருக்கும்; பேசிப் புரியவைக்க முடியாது. அழைப்பவர் கேட்பதில்லை, கையைப் பிடித்து இழுப்பார். எதிர்த்து இழுத்தால் அது விளையாட்டாக மாறி இன்னும் இருவர் சேர்ந்துகொள்வார்கள். பிடித்த கையின் மேல் மறு கையை மெல்ல வைத்து, சிரித்தபடி தலையசைத்து விடுவித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கைதட்டத் தொடங்குவது பலன் தரும். கைதட்டுபவர் ஏற்கெனவே விழாவில் கலந்துகொண்டவராகத் தெரிவார். நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருப்பவரைத்தான் இழுக்கத் தோன்றும். அதுவும் வேண்டாம் என்பவர், குழந்தையைத் தூக்கிக்கொள்வதையோ காணொளி எடுத்துத் தருவதையோ தன் பங்காக ஏற்கலாம்.

குழந்தையிடம் கேட்கும்போது

“மாமாவுக்கு அந்த ரைம்ஸ் சொல்லிக் காட்டு” என்று கேட்டதும் தாயின் புடவைக்குப் பின்னால் ஒளியும் குழந்தை, தன் பதிலைச் சொல்லிவிட்டது. அதைச் சொற்களில் சொல்லத் தெரியாததால் பெற்றோர் சொல்ல வேண்டும்: “இப்ப அவனுக்குச் சொல்லத் தோணலை மாமா, அப்புறம் பாக்கலாம்.” இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. “இவன் இப்படித்தான், ரொம்பக் கூச்சம்” என்று குழந்தை காதுபடச் சொல்வது ஒன்று. அந்தப் பெயர் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. சாக்லேட் தருவதாக ஆசைகாட்டுவது மற்றொன்று. பயத்தோடு செய்த செயலுக்குப் பரிசு கொடுத்தாலும் பயம் அப்படியே இருக்கும்; அடுத்த முறை உறவினர் வந்தாலே குழந்தை ஒதுங்கத் தொடங்கும். விரும்பினால் வீட்டார் இருவர் முன்னால், பிறகு பாட்டி தாத்தா முன்னால் என்று சிறு வட்டத்திலிருந்து பழக்கலாம்.

மறுப்பின் எல்லை

மறுப்பு அந்த நேரத்துப் பதற்றத்தை உடனே தணிக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் மறுக்கத் தூண்டுகிறது. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வலுக்கும் என்பது பதற்றச் சிகிச்சையின் அடிப்படைப் பாடம். பாட வேண்டாம் என்பவருக்கு இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. உறவினர் முன்னால் பாடுவது யாருடைய கடமையும் அல்ல. பாட ஆசை இருந்தும் கூச்சத்தால் முடியாதவருக்கு மட்டும் நடுவழி ஒன்று உதவும். எல்லோரும் சேர்ந்து பாடும் பஜனைப் பாட்டில் குரல் சேர்ப்பது, நன்கு பாடுபவரோடு இரண்டாம் குரலாகப் பாடுவது, ஸயான்ஸ் சொன்னபடி நூறு முறை பாடிப் பழகிய பாட்டை மட்டும் எடுப்பது ஆகியவை அந்த வழியின் படிகள்.

இன்னொரு வேறுபாட்டையும் அறிந்திருக்க வேண்டும். பாட்டுக்குக் கூச்சப்படுவது இயல்பு. பிறர் முன்னால் சாப்பிடவும், பேசவும், தொலைபேசியை எடுக்கவும்கூட அஞ்சி, அந்த அச்சத்தால் படிப்பையும் வேலையையும் உறவுகளையும் தவிர்க்கும் நிலை ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்தால், அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்குப் பயனுள்ள சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரை அணுக வேண்டும்.

கேட்பவர் செய்யக்கூடியது

மறுப்பவரின் பயத்தில் பாதி, கேட்டவர் மனம் நோகுமே என்பது. ஜூலியன் கிவி, காலீன் கர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, விருந்து முதலிய அழைப்புகளை மறுப்பவர்கள் அழைத்தவரின் வருத்தத்தை இருப்பதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று காட்டியது. அது பாட்டு வேண்டுகோளை ஆராயவில்லை. ஆனால் அழைத்து மறுக்கப்பட்ட எவருக்கும் அதன் முடிவு தெரிந்ததுதான். பெரும்பாலும் வருத்தம் சற்று நேரத்தில் மறைந்துவிடுகிறது.

அந்த உண்மையை விருந்தாளிக்குத் தெரியப்படுத்த வேண்டியவர் வீட்டுக்காரர். பாட வைக்க விரும்புபவரை முந்தின நாளே தொலைபேசியில் தனியாகக் கேட்டுவிட்டால், அவரால் கூட்டத்தின் கண்கள் இல்லாமல் பதில் சொல்ல முடியும். ஒப்புக்கொண்டால் பழகிக்கொண்டு வரவும் நேரமிருக்கும். அங்கேயே கேட்க நேர்ந்தால், “யாராவது பாடறீங்களா?” என்று பொதுவாகக் கேட்பது ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்பதைவிட நல்லது. ஒரு முறை கேட்பது அன்பு. மரபுக்காக இரண்டாம் முறையும் கேட்கலாம். இரண்டாவது பதிலும் மாறாமல் வந்தால், அதை மறுப்பாக ஏற்றுக்கொண்டு தாம்பூலத்தை எடுத்து நீட்டிவிட வேண்டும். பாடாமல் தாம்பூலம் வாங்கிச் சென்றவர் அடுத்த ஆண்டும் கொலுவுக்கு வருவார்.